5ஜி சிம்பல் வருது, ஸ்பீடு ஏறல: டிஎஸ்எஸ் அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க

கொக்கரக்கோ
போன்ல 5ஜினு காட்டுது ஆனா ஸ்பீடு டெஸ்ட் போட்டா பழைய 4ஜியை விட கம்மியா வருது. அதே எடத்துல நின்னு செட்டிங்ஸ்ல 4ஜி மட்டும்னு மாத்துனா ஏறுது. நெட்வொர்க் ஆப்ல பாத்தா 5ஜிக்கு n28, 4ஜில B28னு இருக்கு. ஒரே பேண்ட் தானே, அதை 4ஜியும் 5ஜியும் பங்கு போட்டுக்கிற டிஎஸ்எஸ் போல, வேற யாருக்காச்சும் இப்படி ஆச்சா?

சும்மா ஒருத்தன்
எனக்கும் அதேதான். பேண்டை நடுவுல கோடு போட்டு ஆளுக்குப் பாதினு குடுத்துருவாங்க, அதான் பாதி ஸ்பீடு.

டவர் ஏறி
நெட்வொர்க் ஆப்டிமைசேஷன் தான் என் வேலை. கோடு போட்டு பிரிக்கிறது பழைய முறைங்க. டிஎஸ்எஸ்ல ஒவ்வொரு மில்லிசெகண்டும் யாருக்கு எவ்ளோ தேவைனு பாத்து ஷெட்யூலர் பங்கு போடும், 4ஜி ஆளே இல்லன்னா கிட்டத்தட்ட முழுசும் 5ஜிக்குத்தான்.

சிக்கல் அந்த "கிட்டத்தட்ட"ல இருக்கு. 4ஜி போன் சிக்னலை அளக்க சிஆர்எஸ்னு ஒன்னை டவர் ஓயாம அனுப்பணும், கேக்க ஒருத்தரும் இல்லன்னாலும். பழைய போனுக்கு 5ஜி உள்ள வந்ததே தெரியாது, அதனால அதை நிறுத்த முடியாது, 5ஜி தான் அந்தப் புள்ளிகளைத் தாண்டித் தாண்டி டேட்டாவை வைக்கணும். டவர் பங்கு போடுற சின்னத் துண்டு தான் ரிசோர்ஸ் பிளாக், அதுல ஒரு மில்லிசெகண்டுக்கு 168 கட்டம். தனி 5ஜின்னா கண்ட்ரோல், 5ஜியோட சொந்த அளவு சிக்னலான டிஎம்ஆர்எஸ் போக 132 டேட்டாவுக்குக் கிடைக்கும். டிஎஸ்எஸ்ல முதல் ரெண்டு நேரத் துண்டோட 24 கட்டம் 4ஜி கண்ட்ரோலுக்குப் போயிரும், மிச்சத்துல சிஆர்எஸ் இன்னொரு 12 தின்னும், ரெண்டு ஆன்டெனா போர்ட்டுக்கே கடைசில 96 தான். கால்வாசிக்கு மேல போச்சா?

மஞ்சப்பை
எனக்கு 5ஜி ஆன் பண்ணா பேட்டரி மதியத்துக்குள்ள காலி, இதுக்கும் டிஎஸ்எஸ் தான் காரணமா?

சும்மா ஒருத்தன்
@டவர் ஏறி அப்ப ராத்திரி கூட்டம் இல்லாதப்ப சரியாகிடணுமே, எனக்கு ஆகலையே?

டவர் ஏறி
சிஆர்எஸ் ராத்திரியும் ஓடுதே. பக்கத்து டவரோட சிஆர்எஸ்ஸும் வந்து மோதும், ஆரம்பத்துல வந்த 5ஜி ஸ்டாண்டர்டு ரிலீஸ் 15ல போன் சொந்த செல்லோடதை மட்டும் தான் தவிர்க்கும். ரெண்டு டவருக்கு நடுவுல நின்னு பாருங்க, சிக்னல் பார் நல்லாவே இருக்கும் ஆனா ஸ்பீடு தொங்கும்.

கொக்கரக்கோ, உங்களுக்கு இது மட்டும் தான் காரணம்னு தோணல. ரெண்டு மோட்லயும் எந்தெந்த பேண்ட் சேருதுனு பாத்து சொல்லுங்க. மஞ்சப்பை, பேட்டரி தனி பஞ்சாயத்து, புது த்ரெட் போடுங்க.

கொக்கரக்கோ
பாத்துட்டேன். 4ஜில B3, B1, B28 மூணும் சேருது. 5ஜில B3யும் n28ம் மட்டும், B1 காணோம்.

டவர் ஏறி
அப்ப பெரிய அடி அதுதான். n28 உங்களுக்குப் புதுசா எதையும் குடுக்கல, B28 இருந்த அதே அலைவரிசை தான், கூட B1ம் கழண்டுருச்சு.

சும்மா ஒருத்தன்
அதைக் கழட்டுறது போனா நெட்வொர்க்கா?

டவர் ஏறி
ரெண்டுமே இருக்கலாம். அந்தக் காம்பினேஷன் உங்க மாடல்ல இல்லாம இருக்கலாம், இல்ல நெட்வொர்க்ல செட் பண்ணாம விட்ருக்கலாம். அதே சிம்மை வேற மாடல்ல போட்டுப் பாருங்க.

கொக்கரக்கோ
தம்பி போன் கிடைச்சா போட்டுப் பாத்து சொல்றேன். அதுவரைக்கும் 4ஜில தான் ஓட்டப்போறேன்.