ஏ-ஸ்டார்: 30 செ.மீ. ஊதினால் ரேக்கில் உரசுகிறது, 50 செ.மீ. ஊதினால் பாதையே இல்லை என்கிறது

கிடங்குத்தேர்

கிடங்குக்குள் பெட்டிகளைக் கொண்டுபோகும் ரோபோவுக்குப் பாதை திட்டமிடும் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு சக்கரங்களையும் தனித்தனி மோட்டார் ஓட்டும் வகை, நின்ற இடத்திலேயே திரும்பும். நீளம் 80 செ.மீ., அகலம் 60 செ.மீ., சுழலும் மையம் உடம்புக்குச் சரியாக நடுவில். ஆக்குபென்சி கிரிட்டில் ஒரு கட்டம் 5 செ.மீ., மொத்தம் 800 × 500 கட்டங்கள். எட்டுத் திசைகளில் நகரும் ஏ-ஸ்டார், ஹியூரிஸ்டிக்குக்கு ஆக்டைல் தூரம்.

ரோபோவை ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டு தடைகளை ஊதிப் பெரிதாக்கும் வழக்கமான முறைதான்:

```python
dist = distance_transform_edt(grid == 0) / 20
blocked = dist <= R
```

R = 0.30 என்று வைத்தால் பாதை கிடைக்கிறது. ஆனால் ரேக்கை ஒட்டியே போகிறது, சந்தின் முனையில் திரும்பும்போது ரோபோவின் மூலை ரேக்கின் காலில் இடிக்கிறது. மூலைவிட்டத்தில் பாதியான 0.50 வைத்தால் பாதையே இல்லை என்று முடிந்துவிடுகிறது. சந்தின் அகலம் டேப் வைத்து அளந்ததில் 110 செ.மீ. இரண்டு பக்கமும் 50 போனால்கூட 10 செ.மீ., அதாவது இரண்டு கட்டங்கள் மிஞ்ச வேண்டுமே? அது ஏன் அடைபடுகிறது? R-க்கு எந்த எண்தான் சரி?

வேகவழி

இரண்டுக்கும் நடுவில் 0.40 வையுங்கள், பாதை கிடைக்கும். ஒட்டிப் போவது ஏ-ஸ்டாரின் குணம், அது எப்போதும் குறுகிய வழியைத்தான் தேடும். கிடைத்த பாதையில் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும் புள்ளிகளை இணைத்து, இடையில் உள்ளவற்றை நீக்கிவிடுங்கள். கோணல் எல்லாம் போய் வழவழப்பாகிவிடும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

நாற்கோணம்

வேகவழி சொன்னதில், ஒட்டிப் போவது ஏ-ஸ்டாரின் இயல்பு என்பது சரி. ஆனால் அந்த இணைப்பு வேலை இங்கே எதிர்த்திசையில் இழுக்கும். நேர்க்கோடு போட்டுக் குறுக்கினால் கோடு உள்மூலையில்தான் போய் ஒட்டும், மூலையை விட்டு விலகாது. 0.40-ஐக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊதிய பகுதிக்கு வெளியே முதல் திறந்த கட்டம் தடையிலிருந்து 45 செ.மீ.யில் இருக்கிறது. பாதை அதிலேதான் போகும். அங்கே நின்று திரும்பினால் மூலை 50 செ.மீ. வட்டம் போடும், அப்போதும் இடிதான். 0.30 வைத்தபோது 15 செ.மீ. உள்ளே போனது, இப்போது 5 செ.மீ. போகும், அவ்வளவே.

கிடங்குத்தேர், டேப் அளவை விடுங்கள். வரைபடத்தில் அந்தச் சந்துக்குக் குறுக்கே எத்தனை கட்டங்கள் 0 என்று எண்ணிச் சொல்லுங்கள். பல இடங்களில் எண்ணுங்கள், ஒரு வரிசை மட்டும் போதாது.

கடைசிக்கால்

எங்களுக்கும் இதே கதை நடந்தது. ரோபோ நேராக ரேக்குக்கு அடியில் போகப் பார்த்தது. லைடார் தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருந்ததால் ரேக்கின் கால்கள் மட்டுமே புள்ளிபுள்ளியாக வரைபடத்தில் விழுந்தன, காலுக்குக் கால் நடுவே எல்லாம் காலி இடம். ஏ-ஸ்டாருக்கு அது நல்ல குறுக்குவழி. ரேக் நிற்கும் செவ்வகம் முழுவதையும் கையாலேயே 100 என்று நிரப்பியதும் சரியாகிவிட்டது. உங்கள் ஏ-ஸ்டாரில் கோளாறு இருக்காது, வரைபடத்தைப் பாருங்கள்.

கிடங்குத்தேர்

கடைசிக்கால், எங்கள் ரேக்குகளுக்கு அடியில் தகடு இருக்கிறது, லைடாருக்கு முழுச் சுவராகத்தான் தெரிகிறது. அடியில் போகும் சிக்கல் இல்லை.

நாற்கோணம் அண்ணா, எண்ணிவிட்டேன். 22 கட்டங்கள் இருக்கும் என்று நினைத்தேன், எல்லாச் சந்துகளிலும் 20 தான் வருகிறது. ஓரிரு இடங்களில் 19.

நாற்கோணம்

அடைபட்டதற்குக் காரணம் அதுதான். லைடார் அளவில் ஒன்றிரண்டு செ.மீ. ஆட்டம் இருக்கும். புள்ளி போதுமான தடவை விழுந்த கட்டம் முழுவதுமே தடை ஆகிவிடும். அப்படிப் பக்கத்துக்கு ஒரு கட்டம் போயிருக்கிறது. மீதி 20. ரேக்கிலிருந்து பத்தாவது கட்டத்தின் தூரம் சரியாக 0.50, உங்கள் `<=` அதையும் அடைத்துவிடும். எதிர்ப்பக்கத்திலிருந்தும் அப்படியே பத்து. மிச்சம் எதுவும் இல்லை. `<` என்று மாற்றினால் நடுவில் இரண்டு கட்டங்கள் திறக்கும், ஆனால் அந்த 19 கட்ட இடத்தில் ஒரே ஒரு கட்டம்தான் மிஞ்சும். அதை நம்பி ஓட்ட முடியாது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். R-க்குச் சரியான ஒற்றை எண் கிடையாது. நீள்சதுர உடம்புக்கு இரண்டு எண்கள் வேண்டும். நேராகப் போகும்போது அது அடைக்கும் இடம் பக்கத்துக்கு 30 செ.மீ. மட்டும். திரும்பும்போதுதான் 50 வேண்டும். ஆகவே 30-ஐக் கறாரான தடையாக வைத்துக்கொண்டு, திரும்புவதை மட்டும் 50-க்கு மேல் இடம் உள்ள கட்டங்களில் அனுமதியுங்கள். அதற்கு ஏ-ஸ்டாரின் நிலையில் (x, y) மட்டும் போதாது, ரோபோ பார்க்கும் திசையும் சேர வேண்டும், மொத்தம் எட்டுத் திசைகள். பக்கத்துக் கட்டங்களை விரிக்கும் இடத்தில் இது மட்டும் கூடும்:

```python
if nd != d and dist[y, x] <= 0.55:
    continue
```

இங்கே d இப்போதைய திசை, nd அடுத்த நகர்வின் திசை. 0.50 போடாமல் 0.55 போட்டது, அந்தத் தூரம் கட்டத்தின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தது என்பதால். தடையின் விளிம்பு அரைக் கட்டம் முன்னாலேயே வந்துவிடும்.

ரோபோவின் முன்பக்கம் மையத்திலிருந்து 40 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறதே, 30 எப்படிப் போதும் என்று கேட்கலாம். ஒரு நேர்த்துண்டு முழுவதும் உடம்பு கடக்கும் பட்டை 60 செ.மீ. அகலம்தான். அந்தப் பட்டைக்குள் தடை இருந்தால் துண்டின் ஏதாவது ஒரு கட்டம் 30-க்குள் வந்து அடைபட்டிருக்கும். முன்பக்கம் நீட்டுவது துண்டின் முனையில் மட்டுமே பிரச்சினை. முனையில்தான் திரும்புவோம், அங்கே 55 கேட்கிறோம். மிஞ்சுவது புறப்படும் இடமும் சேரும் இடமும். அந்த இரண்டில் மட்டும் முழுச் செவ்வகத்தையும் கிரிட்டில் வைத்துச் சோதித்துவிடுங்கள்.

ஒட்டிப் போவதற்கு மருந்து வேறு. தடைக்குப் பக்கத்துக் கட்டங்களுக்குச் செலவைக் கூட்டுங்கள்:

```python
def cell_cost(d, w):
    if d >= 0.70:
        return 1.0
    return 1.0 + w * (0.70 - d) / 0.40
```

நகர்வின் நீளத்தை இதனால் பெருக்குங்கள். மிகக் குறைந்த மதிப்பு 1 என்பதால் ஆக்டைல் ஹியூரிஸ்டிக் உண்மைச் செலவைத் தாண்டாது, அதைத் தொட வேண்டாம். w = 3-இல் தொடங்கிப் பாருங்கள்.

கிடங்குத்தேர்

செய்து பார்த்தேன். முனையில் இடிப்பது நின்றுவிட்டது! சந்துக்கு வெளியே வந்து, இடம் கிடைத்த பிறகுதான் திரும்புகிறது. சந்துக்குள் நடுக்கோட்டில் போகிறது.

ஆனால் புதிதாக மூன்று தொல்லைகள். ஒன்று, 12 மீ. நீளச் சந்தைக் கடக்க வேண்டிய இடத்தில் ஓரத்து அகலப் பாதை வழியாக 26 மீ. சுற்றிப் போகிறது. இரண்டு, ரோபோ ஏற்கெனவே சந்துக்குள் நடுக்கோட்டை விட்டு விலகி நின்றால், சில சமயம் பாதை இல்லை என்கிறது. மூன்று, பைத்தானில் மிகவும் மெதுவாகிவிட்டது.

நாற்கோணம்

சுற்றிப் போவது w-ஆல். சந்தின் நடுவில் தூரம் 0.50, அங்கே ஒரு கட்டத்தின் செலவு 1 + 3 × 0.20 / 0.40 = 2.5. 12 மீ. என்றால் 240 கட்டங்கள், செலவு 600. அகலப் பாதையில் 26 மீ. 520 கட்டங்கள், செலவும் 520. அதன் கணக்குப்படி சுற்றுவழிதான் மலிவு. w = 1 வைத்தால் நடுவில் 1.5, சந்தின் செலவு 360 ஆகும், உள்ளேயே போகும். ஓரத்தில், 35 செ.மீ. தூரத்தில் 1.875 வரும். நடுக்கோட்டைப் பிடிக்க அந்த வித்தியாசம் போதும்.

இரண்டாவதற்கு ஒரு கேள்வி. வரைபடத்தில் சந்துகள் x அல்லது y அச்சுக்கு நேராக இருக்கின்றனவா? இரண்டு பாகை சாய்ந்திருந்தால்கூட 12 மீட்டரில் 42 செ.மீ. தள்ளிப்போகும். சந்துக்குள் ரோபோவின் மையத்துக்கு இருக்கும் இடமே எட்டுக் கட்டங்கள், 40 செ.மீ. எட்டுத் திசைகளுக்குள் சாய்ந்த சந்தில் போக வேண்டுமானால் படிபோல் ஏறி ஏறித்தான் போக வேண்டும். ஒவ்வொரு படியும் ஒரு திருப்பம், திருப்பத்துக்கு அங்கே அனுமதி இல்லை.

வேகவழி

மெதுவாக இருப்பதற்கு ஹியூரிஸ்டிக்கை மன்ஹாட்டன் ஆக்கிப் பாருங்கள், சட்டென்று வேகம் கூடும்.

நாற்கோணம்

வேகம் கூடும், ஆனால் மூலைவிட்ட நகர்வு இருக்கும்போது மன்ஹாட்டன் உண்மைத் தூரத்தைவிட அதிகமாகச் சொல்லும். பாதை குறுகியதுதான் என்ற உத்தரவாதம் போய்விடும். எல்லை தெரிந்து விட்டுக்கொடுப்பது நல்லது: ஆக்டைலை 1.5-ஆல் பெருக்கினால் கிடைக்கும் பாதையின் செலவு சிறந்ததைப்போல் 1.5 மடங்கைத் தாண்டாது.

நான் செய்வது வேறு. இப்போது 32 லட்சம் நிலைகள் இருக்கின்றன. முதலில் திசையை மறந்துவிட்டு, சேரும் இடத்திலிருந்து பின்னோக்கி, அதே செலவுகளோடு, 4 லட்சம் கட்டங்களில் மட்டும் டைக்ஸ்ட்ராவை ஓட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் வரும் எண்ணைத் திசையோடு தேடும் ஏ-ஸ்டாருக்கு ஹியூரிஸ்டிக்காகக் கொடுங்கள். திருப்பத் தடை இல்லாத கணக்கு என்பதால் அது ஒருபோதும் அதிகமாகச் சொல்லாது. முட்டுச்சந்துகள், சந்தின் கூடுதல் செலவு எல்லாம் அதற்கு முன்பே தெரியும், அதனால் வீணாக விரிப்பது பெரிதும் குறையும். ஒரே இடத்துக்கு அடிக்கடி போவதானால் அந்தக் கணக்கை எடுத்து வைத்துக்கொள்ளவும் செய்யலாம்.

கிடங்குத்தேர்

வரைபடம் ஒன்றரைப் பாகை சாய்ந்துதான் இருந்தது. நிமிர்த்திவிட்டேன், பெரும்பாலான இடங்களில் பாதை வந்துவிட்டது. w = 1 சரியாக வேலை செய்கிறது, டைக்ஸ்ட்ராவை இனிதான் எழுத வேண்டும்.

ஆனால் சந்துக்குள் ஓரமாக நிற்கும்போது, கறாரான 30-க்குள் மாட்டிக்கொண்டால், இன்னும் பாதை இல்லை. அங்கே திரும்பவும் முடியாது, நடுவுக்கு நகரவும் முடியாது.

நாற்கோணம்

அதை ஏ-ஸ்டாரிடம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. புறப்படும் கட்டம் அடைபட்டிருந்தால், வந்த வழியே நேராகப் பின்னால் போய்ச் சந்துக்கு வெளியே வருவதை ஒரு தனி நடவடிக்கையாக வைத்துக்கொண்டு, வெளியே வந்தபின் மறுபடி திட்டமிடுங்கள். சிலர் புறப்படும் இடத்தைச் சுற்றி மட்டும் 5 பாகை போன்ற சிறு திருப்பங்களை அனுமதித்து, ஒவ்வொன்றுக்கும் செவ்வகச் சோதனை செய்வார்கள். அதுவும் நடக்கும், எழுதுவது கூடுதல் வேலை.

கடைசிக்கால்

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். தகடு தெரிகிறது சரி, அதற்கு மேலே பலகைத் தட்டுகள் சந்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா? லைடார் உயரத்தில் அது தெரியாது. ரோபோ மேல் பெட்டி இருக்கும்போது இடிப்பது அங்கேதான்.

கிடங்குத்தேர்

சில இடங்களில் 5 செ.மீ. வரை நீட்டிக்கொண்டிருக்கிறது. எல்லா நாளும் ஒரே இடத்தில் இருப்பதும் இல்லை. ரேக் முழுவதையும் ஒரு கட்டம் அகலமாக்கினால் சந்தில் 18 கட்டங்கள்தான் மிஞ்சும், மையத்துக்கு 6. போகலாம், ஆனால் சக்கரம் எவ்வளவு துல்லியமாகக் கோட்டைப் பின்தொடர்கிறது என்று இன்னும் அளக்கவில்லை. அதை அளந்து வந்து எழுதுகிறேன்.