நேர்த்திக்கடன் மொட்டையும் மெயின்ஸ் தேர்வும்

சித்ரா அத்தை: தினேஷ் பிரிலிம்ஸ் பாஸ்! வேண்டுதல்படி ஞாயிற்றுக்கிழமை குலதெய்வம் கோயிலில் அவனுக்கு மொட்டை. எல்லோரும் வந்துவிடுங்கள்.

முருகன் மாமா: சந்தோஷம். வண்டி யார் பொறுப்பு? போன தடவை நான் கொடுத்த பணமே இன்னும் திரும்பி வரவில்லை.

தினேஷ்: அத்தை, பேங்க் வேலைக்கான ஐபிபிஎஸ் தேர்வில் மெயின்ஸ் பாக்கி இருக்கிறது. விண்ணப்பத்தில் கொடுத்த போட்டோவில் முடியும் தாடியும் இருக்கிறதே?

பெரியப்பா: கைரேகைதான் எடுக்கிறார்களே. அப்புறம் முகம் எதற்கு?

ராஜி அக்கா: கைரேகை சில நேரம் பதியாது பெரியப்பா. மருதாணி இருந்தாலே கழுவிவிட்டு வரச் சொல்வார்கள். ஒருவர் பிரிலிம்ஸ் எழுதி, வேறொருவர் மெயின்ஸ் எழுதி, மூன்றாவது ஆள் வேலையில் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஒவ்வொரு கட்டத்திலும் முகத்தையும் கையெழுத்தையும் முந்தைய கட்டத்தோடு ஒப்பிடுகிறார்கள். மொட்டை போட்டதற்காக உடனே வெளியே அனுப்பிவிட மாட்டார்கள். ஆனால் சந்தேகம் வந்தால் அடையாள அட்டையை மறுபடி கேட்பார்கள், மேலதிகாரியைக் கூப்பிடுவார்கள். தேர்வு நேரத்தில் அந்தப் பதற்றம் எதற்கு?

முருகன் மாமா: என் செக் கையெழுத்து மாறியதால் திரும்பி வந்தது. அது மாதிரியா?

ராஜி அக்கா: செக்கை மறுபடி எழுதிக் கொடுக்கலாம் மாமா, இங்கே அது முடியாது. நான் கண்காணிப்புக்குப் போன மையத்தில் ஒரு பையன். விண்ணப்பத்தில் முழுப்பெயரை நிதானமாக எழுதிக் கையெழுத்திட்டிருந்தான். வருகைத் தாளில் அவசரமாக ஒரே இழுப்பு. விண்ணப்பத்தில் ஏற்றிய படமும் கையெழுத்தும் அதே தாளில் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும், வித்தியாசம் சட்டென்று தெரிந்துவிடும். மறுபடி போடச் சொன்னோம், பதற்றத்தில் மூன்றாவது விதமாகப் போட்டான். குறிப்பெழுதி மேலே அனுப்பினோம். தேர்வு எழுதிவிட்டான். ஆனால் வேலைக்குச் சேரும்போதுகூட பழைய தாள்களை எடுத்து ஒப்பிடுவார்கள், பொருந்தாவிட்டால் அவன் தேர்வானதையே ரத்து செய்யலாம். அவனுக்கு என்ன ஆனதென்று எனக்குத் தகவல் இல்லை.

பெரியப்பா: கொட்டை எழுத்தில் போட்டால் மாறவே மாறாதே?

ராஜி அக்கா: ஆங்கிலக் கேப்பிடல் எழுத்தில் போட்ட கையெழுத்தை ஏற்பதே இல்லை பெரியப்பா. தினேஷ், நீ விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுத்து, அதே கையெழுத்தைப் போட்டுப் பழகு. விண்ணப்பத்தில் கொடுத்த அதே போட்டோவில் நாலைந்து பிரதி கையில் இருக்கட்டும். பிரிலிம்ஸ் அழைப்புக் கடிதம் எங்கே?

தினேஷ்: எழுதி முடித்தாயிற்றே, அது எதற்கு?

ராஜி அக்கா: டேய்! ஹாலில் அதிகாரி சரிபார்த்துக் கொடுத்தது அது. மெயின்ஸுக்கு அதையும் கொண்டு போக வேண்டும்.

தினேஷ்: அம்மாவின் பீரோவில் இருக்கலாம். பார்க்கிறேன்.

சித்ரா அத்தை: சாமிக்குச் சொன்னது சொன்னதுதான். என் பேச்சை இந்த வீட்டில் யார் கேட்டார்கள்?

ராஜி அக்கா: வேண்டாம் என்று சொல்லவில்லை அத்தை. வேலையில் சேர்ந்த மறுநாள் நானே கூட்டிப்போகிறேன்.

சித்ரா அத்தை: இப்போதைக்குப் பூமுடி மட்டும் கொடுக்கலாமா என்று பூசாரியிடம் கேட்கிறேன்.

முருகன் மாமா: அப்போ வண்டி சொல்லவா, வேண்டாமா?