இலைத்துளைப்பான் துளைக்கிறதா, குடைகிறதா?

கதிரவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர்க் காய்கறி விவசாயிகளுக்காக ஒரு பக்கத் தாள் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். இலையைப் பார்த்ததும் இது எந்த வகைப் பூச்சியின் வேலை என்று தெரிய வேண்டும். நான்கு கட்டங்கள் போட்டேன்: கடித்துத் தின்பவை, சுரண்டுபவை, சாறு உறிஞ்சுபவை, இலைத்துளைப்பான்.

போன வாரம் ஆறு பேரிடம் தாளையும் கொஞ்சம் இலைகளையும் கொடுத்துப் பார்த்தேன். நாலு பேர், வண்டு கடித்து ஓட்டை ஓட்டையாக இருந்த கத்தரி இலையை எடுத்து ‘இலைத்துளைப்பான்’ கட்டத்தில் வைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. துளை என்று எழுதினால் துளையைத்தானே தேடுவார்கள்? உண்மையான இலைத்துளைப்பான் புழு போன இலையில் ஓட்டையே இருக்காது. மேல்தோலும் அடித்தோலும் அப்படியே இருக்கும், நடுச்சதை மட்டும் போயிருக்கும். வெளியே தெரிவது வளைந்து வளைந்து போகும் வெள்ளைக் கோடுதான்.

தண்டுத்துளைப்பான், காய்த்துளைப்பான் என்பவை சரி, அங்கே துளை கண்ணுக்குத் தெரிகிறது. இலைக்கு மட்டும் வேறு சொல் வேண்டும் என்று நினைக்கிறேன். என்ன வைக்கலாம்?

அறிவழகன் எழுதியது:

சுரங்கம் என்ற சொல் இருக்கிறதே. இலைச்சுரங்கப் புழு என்று வைத்துவிடலாம். வடமொழி வழி வந்தது என்றாலும் சிறுபிள்ளைக்கும் தெரிந்த சொல்.

இன்னொன்று. ‘சுரண்டுபவை’ கட்டத்தில் கத்தரிப் புள்ளிவண்டையும் இலைப்பேனையும் சேர்த்தே போட்டுவிடுங்கள். இரண்டும் தோலைச் சுரண்டுபவைதான், ஒரே சொல் போதும்.

மல்லிகா எழுதியது:

மாடியில் தொட்டித் தக்காளி வைத்திருக்கிறேன். கீழ் இலைகளில் நீங்கள் சொல்லும் அதே வெள்ளைக் கோடு. வேப்பெண்ணெய் இரண்டு தடவை அடித்தும் கோடு மறையவில்லை. வேறு என்ன மருந்து அடிக்கலாம் என்று யாராவது சொல்லுங்கள்.

லோகநாதன் எழுதியது:

மல்லிகா அம்மா, கதிரவன் கேட்டது சொல்லைப் பற்றி. ஆனால் உங்கள் தக்காளி இலையே அதற்குப் பதில் சொல்லும், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்தக் கோடு எந்த மருந்துக்கும் மறையாது. சதை போன இடம் மறுபடி பச்சையாவதில்லை. புழு உள்ளே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இலையை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். கோடு ஒரு முனையில் முடி போல மெல்லியதாகத் தொடங்கி, போகப் போக அகலமாகும், ஏனென்றால் புழு தின்னத் தின்ன வளர்கிறது. அகலமான முனையில் மஞ்சளாக ஏதாவது தெரிந்தால் புழு இன்னும் இருக்கிறது. அங்கே சின்னக் கீறல் இருந்தால், தோலை அறுத்துக்கொண்டு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகப் போய்விட்டது. காலி வீட்டுக்கு மருந்தடித்துப் பயனில்லை. ஒரு குண்டூசியால் கோட்டின் மேல் தோலை உரித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘குடை’ என்ற வினையை ஏன் யாரும் நினைக்கவில்லை? மலையின் வெளித்தோற்றம் மாறாமல் உள்ளே வெட்டி எடுத்ததைக் குடைவரை என்கிறோம். வெளிச்சுவர் நிற்க உள்ளதை எடுப்பதுதான் குடைதல். இந்தப் புழு இலையில் செய்வதும் அதுவே. புழு இலைக்குடைவான், அது விட்டுப்போன தடம் குடைவு. சுரங்கம் தப்பில்லை, ஆனால் அதிலிருந்து வினை எடுக்க முடியவில்லை. ‘புழு சுரங்கமிடுகிறது’ என்று எந்த விவசாயி சொல்லப்போகிறார்? ‘குடையுது’ என்பார்.

‘துளை’க்கு ஒரு நியாயமும் உண்டு, மறைக்கக் கூடாது. தக்காளியில் இதைச் செய்வது ஒரு சின்ன ஈ. பெண் ஈ தன் பின்முனையால் இலையைக் குத்தி, கசியும் சாற்றைக் குடிக்கும். சில குத்தல்களில் முட்டையும் வைக்கும். கோடு வருவதற்கு முன்பே இலையில் வெளிறிய ஊசிப்புள்ளிகள் தெரியும். அதைப் பார்த்து உறிஞ்சும் பூச்சி என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. நாலைந்து நாள் பொறுத்தால் அந்தப் புள்ளிகளுக்கிடையே கோடு கிளம்பும்.

அறிவழகன் ஐயா, புள்ளிவண்டையும் இலைப்பேனையும் ஒரே சொல்லில் அடைப்பதை என்னால் ஏற்க முடியாது. புள்ளிவண்டின் புழு உண்மையாகவே சுரண்டித் தின்கிறது. பச்சையம் போய் மறுபக்கத் தோல் மட்டும் நிற்கும், வெயிலில் பிடித்தால் கண்ணாடி ஜன்னல் மாதிரி வெளிச்சம் வரும், அப்புறம் காய்ந்து உதிரும். இலைப்பேனுக்குச் சுரண்டும் பல்லே கிடையாது. அதற்கு இடப்பக்கத் தாடை ஒன்றுதான் வளர்ந்திருக்கிறது. அதனால் ஒரு செல்லைக் குத்தித் திறந்து, ஊசி போன்ற உறுப்புகளை நுழைத்து, உள்ளதைக் குடிக்கிறது. காலியான செல்லில் காற்று புகுந்துகொள்வதால் அந்த இடம் வெள்ளி போல மினுக்கும். மேலே கறுப்புப் பொட்டுகளாக எச்சம் கிடக்கும். பழைய பாடநூல்கள் ‘சுரண்டி உறிஞ்சும்’ என்று எழுதிவிட்டன, நாமும் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

செந்தில் எழுதியது:

நான் மிளகாய் போடுகிறவன். இலைப்பேன் பற்றிச் சொன்னது சரி, ஆனால் மிளகாயில் நாங்கள் மினுக்கத்துக்காகக் காத்திருப்பதில்லை, சுருட்டைத்தான் பார்க்கிறோம். இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பும் நீண்டிருந்தால் சிலந்திப்பேன். இரண்டுக்கும் மருந்து வேறு, மாற்றி அடித்தால் பணம் போச்சு. தாளில் அதையும் போடுங்கள்.

வெள்ளைக் கோட்டுக்கு எங்கள் வீட்டில் ‘இலையில கோலம் போட்டிருக்கு’ என்போம். குடைவு என்றால் புரியும். ஆனால் கோலம் என்றால் உடனே கண்ணில் வரும்.

மல்லிகா எழுதியது:

லோகநாதன் ஐயா, உரித்துப் பார்த்தேன். ஒன்பது கோட்டில் ஏழு காலி. ஒன்றில் எள்ளைவிடச் சின்னதாக மஞ்சள் புழு நெளிந்தது. இன்னொன்றில் புழு பழுப்பாகச் செத்துக் கிடந்தது. மருந்தை நிறுத்திவிட்டு அந்தக் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டேன்.

ஒரு இலை மட்டும் வேறு மாதிரி. கோடாக இல்லாமல் அகலமாகக் கொப்புளம் போல இருக்கிறது, ஒரு மூலையில் கறுப்பாக எச்சம் குவிந்திருக்கிறது. இதுவும் குடைவுதானா?

லோகநாதன் எழுதியது:

அதுவும் குடைவுதான், ஆள் வேறு. அது அந்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம், தக்காளி ஊசிப்புழு என்பார்கள். ஈயின் புழு ஒரே இலைக்குள் வாழ்ந்துவிட்டுப் போகும். இது ஒரு இலையை விட்டு வெளியே வந்து இன்னொன்றில் நுழையும், காய்க்குள்ளும் போகும். அந்த இலையைத் தொட்டியில் போடாமல் உறையில் கட்டி வெயிலில் வையுங்கள். காய்களில், காம்பை ஒட்டி ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

கதிரவன், கோட்டுக்குடைவு, கொப்புளக்குடைவு என்று இரண்டாகப் பிரிக்க இந்தச் சொல் இடம் கொடுக்கிறது, கவனித்தீர்களா?

அறிவழகன் எழுதியது:

குடைவுக்கு நான் சம்மதம். சுரங்கத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் இலைப்பேன் விட்ட அடையாளத்துக்கு என்ன பெயர்? ‘குத்தியுறிஞ்சல்’ என்றால் அசுவினியும் வெள்ளை ஈயும் அதே கட்டத்துக்குள் வந்துவிடுமே. செயலை விட்டு, கண்ணில் தெரிவதை வைத்து ‘வெள்ளித்தழும்பு’ எனலாமா?

செந்தில் எழுதியது:

வெள்ளி என்றதும் வெள்ளை ஈ என்று எடுத்துக்கொள்வார்கள். அதுவும் மிளகாயில். வேண்டாம் ஐயா.

கதிரவன் எழுதியது:

நாலாவது கட்டம் ‘இலைக்குடைவான்’, கீழே சின்ன எழுத்தில் ‘கோலம் போட்ட மாதிரி’. புதுத் தாளை நேற்று அதே ஆறு பேரிடம் கொடுத்தேன். ஓட்டை விழுந்த கத்தரி இலையை இந்த முறை யாரும் அங்கே வைக்கவில்லை.

இரண்டாவது கட்டத்தைப் பிரித்துவிட்டேன். புள்ளிவண்டுக்கு ‘சுரண்டல்’. இலைப்பேனுக்கு இப்போதைக்குத் தலைப்பு இல்லை. ‘மினுக்கம், கறுப்புப் பொட்டு, மிளகாயில் மேல்சுருட்டை’ என்று விவரம் மட்டும் எழுதியிருக்கிறேன். தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாருக்காவது சொல் கிடைத்தால் அனுப்புங்கள்.