தலைமைப் பயிற்சியாளர் மேலேயே புகார் வந்தால் யாரிடம் போவது?

8 முதல் 15 வயது வரை 40 பிள்ளைகள் வரும் நீச்சல் அகாடமி எங்களுடையது. பாதுகாப்புக் கொள்கை எழுதும் வேலை மூன்று வாரமாக என் தலையில். உடை மாற்றும் அறைக்குள் போன் கூடாது, பயிற்சியாளர் காரில் ஒரு பிள்ளை மட்டும் தனியாகப் போகக் கூடாது, போட்டோவுக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும், படத்தோடு முழுப் பெயர் போடக் கூடாது. இதெல்லாம் ஒருவழியாக முடிந்தது.

மாட்டிக்கொண்டது புகார் பகுதியில். பொறுப்பாளராக இருப்பவர் தலைமைப் பயிற்சியாளரின் மனைவி. வரைவைப் படித்த ஒரு அம்மா, "சாரைப் பத்தின்னா யார்கிட்ட சொல்றது?" என்று கேட்டார், என்னிடம் பதில் இல்லை.

புகார்ப் பெட்டி வைத்தோம், அலுவலக வாசலில். யார் சீட்டுப் போடுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், இரண்டு வாரமாகக் காலி. ஒரு பெற்றோரை இரண்டாவது பொறுப்பாளராகக் கேட்டோம், அணித் தேர்வில் மகன் பெயர் அடிபடுமோ என்று அவர் தயங்குகிறார் (நியாயம்தான்). துன்புறுத்தல் சந்தேகம் என்றால் உள்விசாரணை நடத்தாமல் நேரே போலீஸுக்கு என்று எழுதிவிட்டேன். ஆனால் இரவு 10 மணிக்குப் பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் அனுப்புவது மாதிரி, முளையிலேயே கவனிக்க வேண்டியவை இருக்கிறதே.

இந்த மாதிரி விஷயம் தலைமைப் பயிற்சியாளரைப் பற்றியே வந்தால் வாங்கிக்கொள்ள, உங்கள் சின்ன அகாடமியில் வெளியாள் யாரை நியமித்தீர்கள்?