சார்ஜிங் பாயின்ட்: அவரவர் மீட்டரா, காமன் மீட்டரா?

கேள்வி: சென்னையில் 24 வீட்டு அடுக்ககம். இப்போது மூன்று மின்கார்கள் இருக்கின்றன, இன்னும் வரும். அவரவர் ஈபி மீட்டரிலிருந்து கேபிள் இழுக்கலாமா, காமன் சர்வீஸிலிருந்து சப்-மீட்டர் வைக்கலாமா? செலவு யாருடையது?

ரகு: காமன் மீட்டரைத் தொடவே வேண்டாம். மீட்டர் போர்டு கீழேதானே இருக்கிறது? அவரவர் மீட்டருக்கு அப்புறம் தனி எம்சிபி போட்டுப் பார்க்கிங் வரைக்கும் கேபிள் இழுத்தால் போதும். கார் வாங்கினவர் செலவு, அவர் பில்.

சலீம்: 24 பேரும் 7.4 கிலோவாட் சார்ஜர் மாட்டினால் 178 கிலோவாட். நம் சர்வீஸ் தாங்காது, டிரான்ஸ்ஃபார்மரே கேட்க வேண்டிவரும். நான் எதிர்க்கிறேன்.

மீனாட்சி: பெருக்கல் சரி, 7.4 எதற்கு? தினம் 40 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 7 யூனிட். 3.3 கிலோவாட்டில் இரண்டே கால் மணி நேரம். எட்டு கார் ஒரே சமயத்தில் ஏறினாலும் 26 கிலோவாட்தான். மூன்று ஃபேஸிலும் சமமாகப் பிரித்தால் ஃபேஸுக்கு 38 ஆம்பியர் வரும். ஒரே ஃபேஸில் குவித்தால்தான் வம்பு. கேபிளிலும் மிச்சம். 60 மீட்டர் தூரத்துக்கு 6 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பியில் 32 ஆம்பியர் விட்டால் 14 வோல்ட் குறையும், 16 ஆம்பியரில் 7 வோல்ட்தான்.

வசந்தி: என் ஸ்கூட்டரை பம்ப் ரூம் 15 ஆம்ப் பிளக்கில்தான் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. காருக்கும் அதையே கொடுங்களேன்?

மீனாட்சி: ஸ்கூட்டர் சார்ஜர் இழுப்பது மூன்று நான்கு ஆம்பியர். கார் மணிக்கணக்கில் 15 ஆம்பியர் இழுக்கும். பிளக்குக்குள் ஸ்பிரிங் தளர்ந்தால் அங்கே சூடேறும். பின்னைச் சுற்றி பழுப்பு ஏறியிருந்தால் அதுதான் அடையாளம். நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போடுங்கள். ஒவ்வொரு பாயின்டுக்கும் தனி எம்சிபி, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி வேண்டும். ஆர்சிசிபியில் ஏசி டைப் வாங்காதீர்கள், ஏ டைப் கேளுங்கள். எர்த் சரியில்லையென்றால் பல கார்கள் சார்ஜே ஏற்றாது.

ரகு: சரி, ஆனால் மீட்டர்?

மீனாட்சி: உங்கள் வழியில் ஒரு சிக்கல். இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் ஓடும் வீட்டில் கார் 400 யூனிட் சேர்க்கும். 500ஐத் தாண்டினால் கீழ் ஸ்லாப் யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும். வீட்டின் அனுமதி லோடையும் உயர்த்த வேண்டிவரலாம். காமனில் ஸ்லாப் இல்லை, ஆனால் லோடு கூடினால் நிலைக்கட்டணம் கூடும். அதை யார் கட்டுவது என்று முதலிலேயே எழுதி வையுங்கள்.

சலீம்: கார் இல்லாதவர் ஏன் கட்ட வேண்டும்?

மீனாட்சி: சாக்கெட், சப்-மீட்டர், கிளைக் கேபிள் எல்லாம் கார்காரர் செலவு. மெயின் பேனலும் எர்த் குழியும் பின்னால் வாங்குகிறவருக்கும் சேர்த்துத்தான். அதைச் சங்க நிதியிலிருந்து போட்டு, இணைப்பு கேட்கிற ஒவ்வொருவரிடமும் பங்கை வசூலியுங்கள்.

ரகு: மாதாமாதம் சப்-மீட்டர் ரீடிங் யார் எடுப்பார்? பாக்கி வைத்தால் இணைப்பை வெட்டுவது யார்? இதற்குப் பதில் வரும்வரை என் ஓட்டு அவரவர் மீட்டருக்கே.