புதுப்பிப்பு: இரண்டு ஷோரூம்களில் எதைத் தேர்ந்தெடுத்தேன்

முன்பு கேட்டது: “மதுரையில் ஒரே கம்பெனிக்கு இரண்டு ஷோரூம்கள், எதை நம்பி கார் வாங்கலாம்?”

இங்கே ஓர் அண்ணன் சொன்னபடி, சனிக்கிழமை காலை இரண்டின் சர்வீஸ் மையங்களிலும் உட்கார்ந்து, பில் கட்ட வந்தவர்களிடம் பேசினேன். ₹8,000 கூடுதல் தள்ளுபடி தந்த ஷோரூமின் மையத்தில், கேட்காத இன்ஜின் கிளீனிங்கைப் பில்லில் சேர்த்ததாக மூவர் சொன்னார்கள். காப்பீட்டை வெளியே எடுத்தால் தள்ளுபடி இல்லை என்றும் அந்த ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். மற்றதில் முழுப் பணம் கட்டுமுன்பே சேஸி எண்ணையும் வண்டி தயாரான மாதத்தையும் காட்டினார்கள். அங்கேயே பதிவு செய்துவிட்டேன்.

கூகுள் நட்சத்திரங்களே போதும் என்ற நண்பர் சொன்னது பாதி சரி: டெலிவரி நாளன்று ஊழியர் கேட்டு வாடிக்கையாளர்கள் போட்ட மதிப்புரைகள் பல, ஓராண்டு கழித்து எழுதியவையே உதவின. விபத்துப் பழுதில் நான் பதிவு செய்த ஷோரூம் எப்படி என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.