'பேசிக்கலி ரெடி'ன்னா ரெடியா, இல்லையா?

கீபோர்டு கிளி:
எங்கள் டீமில் கிளையண்டுக்குப் போகும் மெயில்களை நான் ஒருமுறை பார்த்துவிடுவேன். போன வாரம் ஒரு தம்பி எழுதியிருந்தார்: "த ரிப்போர்ட் இஸ் பேசிக்கலி ரெடி. வி ஜஸ்ட் நீட் யுவர் அப்ரூவல். இட்ஸ் வெரி அர்ஜென்ட்." பேசிக்கலி, ஜஸ்ட், வெரி மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். கச்சிதமாகத்தான் இருந்தது, ஆனால் பொய்! கடைசி அட்டவணையின் எண்களை யாரும் இன்னும் சரிபார்க்கவில்லை. பேசிக்கலி அதை மூடி வைத்திருந்தது. வெரி அர்ஜென்ட் என்றால் எப்போதைக்குள் என்பதும் இல்லை. தம்பியிடம் கேட்டுக்கேட்டு மாற்றினோம்: கடைசி அட்டவணை தவிர மற்றது முடிந்தது, அது புதன் மாலை வரும், வியாழன் 12 மணிக்குள் ஒப்புதல் தந்தால் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகும். மெயில் நீண்டுவிட்டது. ஆனால் பதிலில் ஒரே வரி, "அப்ரூவ்ட்". உங்கள் அனுபவம் என்ன?

ஷிஃப்ட்காரன்:
இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? அனுப்பும் முன் Ctrl+F போட்டு ஜஸ்ட் வரும் இடத்தை எல்லாம் தூக்கிடுவேன். வேலை முடிஞ்சுது.

பழைய எடிட்டர்:
தேடுவது சரி, கண்ணை மூடிக்கொண்டு தூக்குவது சரியில்லை தம்பி. முழுச்சொல்லாகத் தேடாவிட்டால் அட்ஜஸ்ட், ஜஸ்டிஃபை எல்லாம் சேர்ந்து மாட்டும். "வி ஜஸ்ட் ரிசீவ்ட் இட்" என்பதில் ஜஸ்ட் 'இப்போதுதான்' என்று நேரம் சொல்கிறது. அதை எடுத்தால் எப்போது வந்தது என்பது போய்விடும். ஆக்சுவலியும் அப்படித்தான். செவ்வாய் என்று எல்லாரும் நினைத்திருக்க, சர்வர் விழுந்தது திங்கள் என்று திருத்தும்போது அதற்கு வேலை இருக்கிறது. யாரும் தவறாகச் சொல்லாத இடத்தில் போட்டால்தான் படிப்பவருக்கு 'உனக்குத் தெரியாது' என்று குத்துவது போல் கேட்கும். எடுத்துவிட்டு வாக்கியத்தை வாய்விட்டுப் படிப்பேன். பொருள் மாறினால் திரும்ப வைப்பேன், அல்லது அது மறைத்திருந்த விவரத்தை எழுதுவேன்.

புதுசா சேர்ந்தவள்:
நான் மீட்டிங்கில் பேசும்போது வாக்கியத்துக்கு ஒரு ஆக்சுவலி வருது. அதை எப்படி நிறுத்துறதுன்னு யாராவது சொல்லுங்களேன்.

பழைய எடிட்டர்:
அது வேறு கதை அம்மா. பேச்சில் அது யோசிக்க நேரம் தருகிறது. மெயிலில் அந்த அவசரம் இல்லை.

சேல்ஸ் அக்கா:
எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. "ஜஸ்ட் ஃபாலோயிங் அப்" என்பதை "ஃபாலோயிங் அப்" என்று மாற்றி அனுப்பியதும், ஒரு பெரிய வாடிக்கையாளர் போன் போட்டு "ஏதாவது கோபமா?" என்றார். எங்களுக்குள் பழக்கம் அப்படி. இப்போது அவருக்கு மட்டும் அந்த ஜஸ்டை விட்டுவைக்கிறேன்.

கீபோர்டு கிளி:
அக்கா, ஜஸ்டுக்குப் பதில் "எந்தத் தேதி வசதி?" என்று கேட்டுப் பாருங்களேன். மரியாதையும் இருக்கும், அவருக்கு நேரடியாகப் பதில் சொல்லவும் வரும்.

சேல்ஸ் அக்கா:
செய்து பார்க்கிறேன். ஆனால் அந்த மனிதர் தேதி சொல்லும் ரகம் இல்லை.